பூனைக்கு வாங்குவது எல்லாம் கடைசியில் அதன் வாய்க்குள்தான் போகும்

பூனைக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போகும் முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மனதில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிக்கொள்வதிலேயே கழிக்கிறது. பாதத்தில் ஒட்டிய மணல், முடியில் பூசிய பவுடர், தரையில் துடைத்த பினாயில், எதுவானாலும் சரி, சாயங்காலத்துக்குள் அது நாக்கு வழியாக வயிற்றுக்குப் போய்விடும். தோட்டம், வயல், கூரை என்று சுற்றுகிற ஊர்ப் பூனைக்கு இது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, அதற்கு உலகம் பெரிது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், கைகால் நீட்டக்கூட யோசிக்க வேண்டிய ஒரு பால்கனி என்று இருக்கும் பிளாட்டுக்குள் வாழும் பூனைக்கு நாம் வாங்கிப் போடுவது மட்டும்தான் உலகம். அதனால் பூனை மலஜலம் கழிக்கப் பெட்டியில் நிரப்பும் லிட்டர், சாப்பாடு, சீப்பு, ஷாம்பு எதை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி: இது வாய்க்குள் போனால் என்ன ஆகும்?

கிருஷ்ணகிரியில் நாங்கள் இருக்கும் இதே கட்டடத்தில், மேல் மாடியில் இருக்கும் தங்கச்சி காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பிலிருந்து ஓர் ஆண் குட்டியைக் கொண்டுவந்தாள். மூன்று மாதக் குட்டி, சாம்பல் நிறத்தில் வரி வரியாக, எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. "அக்கா, எதை வாங்கறதுன்னே தெரியல, கடைக்காரர் ஒரு பெரிய லிஸ்டே கொடுத்துட்டார்" என்று வந்து நின்றாள். அந்த லிஸ்டில் வாசனை போட்ட லிட்டர், மூடி போட்ட லிட்டர் பெட்டி, ஷாம்பு, பவுடர், டியோடரண்ட் ஸ்பிரே, பற்பசை, பெரிய பை உலர் தீனி, பேன் மருந்து என்று வரிசையாக இருந்தது. அதில் எதை வைத்துக்கொண்டு எதை அடித்தோம், ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் பூனை வளர்க்கும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட இதே லிஸ்ட்தான் வருகிறது.

முதலில் லிட்டர். சின்ன வீட்டில் இதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மற்றது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, மூக்கு மட்டும்தான் வேலை செய்யும். பூனை மூத்திரம் வெளியே வந்த உடனே அவ்வளவு நாறாது. அதில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்க உடைக்க அமோனியா வருகிறது, நேரம் போகப் போகத்தான் கண்ணை எரிக்கும் அந்த வாடை ஏறுகிறது. ஆக நமக்கு வேண்டியது வாசனையை மூடி மறைக்கும் பொருள் இல்லை, மூத்திரத்தைப் பிடித்து வைத்து, நாம் சீக்கிரம் அள்ளி எறிய வழி செய்யும் பொருள். மல்லிகை, லாவண்டர் வாசனை போட்ட லிட்டர் நம் மூக்குக்காகத் தயாராவது. பூனைக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கு. அந்த நெடி பிடிக்காமல் பெட்டியை விட்டுவிட்டுத் தலையணையைத் தேடிப் போகும் பூனைகள் நிறைய. அதை முதலில் அடித்தோம்.

நம் ஊர்ப் பக்கம் பழக்கத்தில் இருப்பது மணலும் மரத்தூளும்தான். மணல் பூனைக்கு ரொம்பப் பிடிக்கும், தோண்ட வசதி. ஆனால் மணல் எதையும் உறிஞ்சாது, மூத்திரம் நேராக அடிக்கு இறங்கித் தட்டின் தரையில் தேங்கும். மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும், அடியில் கிளறினால் ஈரம் ஊறி நாறும். தினமும் மொத்த மணலையும் கொட்டி மாற்றுவதற்கு மொட்டை மாடியோ தோட்டமோ வேண்டும், இரண்டாவது மாடிப் பிளாட்டில் அது நடக்காது. மரத்தூள் உறிஞ்சும், விலையும் ஒன்றுமில்லை, அறுப்பு மில்லில் கேட்டால் சாக்கில் கட்டித் தருவார்கள். ஆனால் எந்த மரம், அதில் பிளைவுட் அறுத்த தூள் கலந்திருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. பிளைவுட்டில் பசையும் பூச்சிமருந்தும் உண்டு, அந்தத் தூள் பாதத்தில் ஒட்டி வாய்க்குப் போகும். தவிர, இலேசான தூள் வீடு முழுக்கப் பறக்கும்.

கடையில் கிடைப்பதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பென்டோனைட், குஜராத்தின் கட்ச் பக்கமும் ராஜஸ்தானிலும் தோண்டி எடுக்கும் ஒருவகைக் களிமண். தண்ணீர் பட்டதும் உப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மூத்திரம் போன இடம் மட்டும் உருண்டையாக இறுகிவிடுவதால், சல்லடைக் கரண்டியில் அதை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று டோஃபு லிட்டர், சோயாவிலிருந்து பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைச் சின்னக் குச்சி குச்சியாக அழுத்திச் செய்தது. இதுவும் கட்டியாகும், ஆனால் பென்டோனைட் அளவுக்கு இறுகாது, தூசி குறைவு, எடை குறைவு, விலை அதிகம். சிலிக்கா உருண்டையும் உண்டு. அது மூத்திரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் கட்டியாகாது. பைன் மரத் துகளை அழுத்திய பெல்லட்டும் ஈரத்தில் உடைந்து தூளாகும், அடியில் சல்லடை வைத்த தட்டு தனியாக வேண்டும். இந்த இரண்டையும் நான் ஒதுக்கியதற்குக் காரணம் கட்டியாகாததுதான். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

சரி, பென்டோனைட்டா டோஃபுவா? வளர்ந்த பூனை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பென்டோனைட் என்பேன், பூனைகளுக்கும் பொதுவாக மெல்லிய பொடி மணல்தான் பாதத்துக்குப் பிடிக்கிறது. ஆனால் மேல் மாடிக் குட்டிக்கு மூன்று மாதம்தான். குட்டிகள் எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கும், லிட்டரையும் சேர்த்து. தண்ணீர் பட்டால் உப்பி இறுகும் களிமண் குடலுக்குள் போனால் அங்கேயும் அதையேதான் செய்யும். குட்டி லிட்டரைத் தின்னாது என்று உறுதியாகும் வரை, நாலு மாதம் தாண்டும் வரையாவது, டோஃபு போடச் சொன்னேன். முதல் சில நாள் அது பெட்டியில் இறங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன், மென்று விழுங்கினால் அதையும் எடுத்துவிட்டுக் கிழித்த காகிதம் போட வேண்டும். அவள் பார்த்தாள். ஒரு குச்சியை வாயில் வைத்துத் துப்பிவிட்டு அதன்பிறகு அதைத் தொடவில்லை. நாலு மாதம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் பாதிக்குப் பாதி கலந்து, மெதுவாகப் பென்டோனைட்டுக்கு மாற்றினோம். திடீரென்று ஒரே நாளில் மாற்றினால் பல பூனைகள் பெட்டியைப் புறக்கணிக்கும்.

பெட்டி விஷயத்தில் கடைக்காரர் மூடி போட்டதைச் சொன்னதற்குக் காரணம் நாற்றம் வெளியே வராது என்பது. வெளியே வராது, உண்மைதான், உள்ளேயே நிற்கும். அதற்குள் நுழைய வேண்டியது பூனை. நம் கண்ணில் படாததால் அள்ளவும் மறந்துபோகும். அதனால் திறந்த தட்டுதான். அளவு, வளர்ந்த பூனையின் மூக்கிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். பெட் ஷாப் தட்டுகளில் பெரும்பாலானவை அதைவிடச் சின்னவை. பாத்திரக் கடையில் துணி மடித்து வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறது, அதன் ஒரு பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்குக் குறைவாக வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டால் போதும். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் லிட்டர் வெளியே சிதறாது. குட்டிக்கு வாசல் இன்னும் தாழ்வாக வேண்டும் என்பதால் முதலில் ஒரு சாதாரண ஆழமில்லாத தட்டை வைத்தாள்.

லிட்டர் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். சிக்கனம் பார்த்து இரண்டு விரல் உயரம் போடுபவர்கள்தான் அதிகம் செலவு செய்கிறார்கள். ஏனென்றால் மூத்திரம் அடிவரை இறங்கித் தட்டின் தரையில் அப்பிக்கொள்ளும், கரண்டியால் சுரண்டும்போது கட்டி உடைந்து நல்ல லிட்டரோடு கலந்துவிடும், அப்புறம் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். நாற்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் தட்டு என்றால் ஐந்து கிலோ பென்டோனைட் பை ஒன்று ஏறக்குறைய அந்த உயரத்துக்குச் சரியாக வரும். தினமும் இரண்டு வேளை அள்ளிவிட்டு, குறைந்ததை மேலே கொட்டி நிரப்பிக்கொண்டே வந்தால் போதும். கொட்டும்போது பையை உயரத்திலிருந்து கவிழ்க்காமல் தட்டுக்குள்ளேயே சாய்த்து மெதுவாகக் கொட்டுங்கள், அந்தத் தூசி நமக்கும் நல்லதில்லை, வீட்டில் வீஸிங் உள்ளவர்கள் இருந்தால் தூசி குறைந்த டோஃபுவிலேயே இருந்துவிடலாம்.

அள்ளியதைக் கழிப்பறையில் போடாதீர்கள். பென்டோனைட் குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். டோஃபு பையில் ஃபிளஷ் பண்ணலாம் என்று அச்சடித்திருப்பார்கள், ஆனால் செப்டிக் டேங்க் இருக்கும் கட்டடத்தில், அதுவும் ஆறு வீட்டுக்கு ஒரே குழாய் போகும் கட்டடத்தில், நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன். பழைய தினத்தாளில் சுற்றிக் குப்பைக்குத்தான். செடித் தொட்டியில் உரமாகவும் போடக் கூடாது, பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை இருக்க வாய்ப்புண்டு. அது வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் தொற்றும் நிலைக்கு வரும், அதனால் தினமும் அள்ளுவதே பாதி பாதுகாப்பு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்துவிட வேண்டும். பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை.

பெட்டி எங்கே வைப்பது? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், வாஷிங் மெஷின் திடீரென்று அதிரும் மூலையிலும் வேண்டாம். பால்கனி நல்ல இடம்தான், ஆனால் மேற்குப் பார்த்த பால்கனி ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் வெயிலில் மதியம் மூன்று மணிக்கு எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை, பூனை அங்கே போகாமல் அடக்கிக்கொள்ளும். மேல் மாடியில் பாத்ரூம் கதவோரம் வைத்தார்கள், கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு முட்டுக்கட்டை போட்டு.

இப்போது சாப்பாடு. இங்கேதான் வீட்டுப் பெரியவர்களோடு பேச்சு வரும். "பூனைக்கு எதுக்குப் பாக்கெட்டு, பால் சோறு போடு, மீன் கழுவின தலையைப் போடு, எங்க காலத்துல அதுதானே தின்னுச்சு" என்று அந்தத் தங்கச்சியின் மாமியார் சொன்னார். அந்தக் காலத்துப் பூனை பால் சோற்றில் மட்டும் வாழவில்லை, ராத்திரி முழுக்க எலியும் ஓணானும் பிடித்துத் தின்றது. வீட்டில் போட்டது அதற்கு நொறுக்குத் தீனி. பிளாட் பூனைக்கு எலி இல்லை. பூனை கட்டாய மாமிச உண்ணி, டாரின் என்ற சத்தை அதன் உடம்பு தேவையான அளவுக்குத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987 வரை கடையில் விற்ற பூனைத் தீனியிலேயே சிலவற்றில் டாரின் போதாமல் பூனைகள் இதய நோயில் இறந்தன, அந்த வருஷம் வந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான் கம்பெனிகள் அளவைக் கூட்டின. தவிர டாரின் தண்ணீரில் கரையும், கோழியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதோடு ஒரு பங்கு போய்விடும். பாலில் உள்ள லாக்டோஸை வளர்ந்த பூனைகள் பலவற்றால் செரிக்க முடியாது, வயிற்றுப்போக்கு வரும். குழம்பு மீன் போடுவதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம்.

மாமியாரிடம் இதையெல்லாம் பாடமாக எடுக்கவில்லை. உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழி இரண்டு மூன்று துண்டு, வெந்த தண்ணீரோடு, தினமும் அவர் கையால் கொடுக்கலாம், முழுச் சாப்பாடு பாக்கெட்டிலிருந்து என்று முடிவானது. மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இந்த மாதிரி எக்ஸ்ட்ரா போகாமல் பார்த்துக்கொண்டால் சத்துக் கணக்குக் கெடாது. அவருக்கும் சந்தோஷம், குட்டியும் அவர் காலடியிலேயே சுற்றுகிறது.

பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது படமோ விலையோ இல்லை, அது முழுமையான சமச்சீர் உணவு என்று போட்டிருக்கிறதா, எந்த வயதுக்கு என்பது. சூரை மீன் துண்டு மட்டும் அடைத்த டின், கிரீம் மாதிரிப் பிழிந்து கொடுக்கும் குச்சிப் பாக்கெட் எல்லாம் துணை உணவுதான், அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. அடுத்து, பின்பக்கம் இருக்கும் சத்து அட்டவணை. இதில் ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும். ஓர் உலர் தீனியில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, சாம்பல் என்று எழுதும் தாது உப்பு 8, ஈரம் 10 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 62, நூற்றில் மீதி 38 மாவுச்சத்து, அதை மட்டும் எழுத மாட்டார்கள். ஈர உணவுப் பாக்கெட் ஒன்றில் புரதம் 9 என்று இருக்கும், பார்த்தவுடன் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அதில் ஈரமே 84. தண்ணீரைக் கழித்தால் மிச்சம் 16, அந்தப் பதினாறில் ஒன்பது புரதம், அதாவது பாதிக்குமேல். உலர் தீனியிலும் அதேபோல் ஈரத்தைக் கழித்தால் தொண்ணூறில் முப்பது, மூன்றில் ஒரு பங்குதான். இரண்டையும் இப்படி ஒரே நிலைக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும்.

அதற்காக ஈர உணவு மட்டும் போடுங்கள் என்று சொல்லவில்லை, மாதச் செலவு தாங்காது. நான் இரண்டையும் கலந்து கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் தண்ணீர். பூனைக்குத் தாக உணர்வு குறைவு, இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துப் பழகிய உடம்பு அது. நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். ஐம்பது கிராம் உலர் தீனியிலிருந்து கிடைப்பது ஐந்து மில்லிதான், மீதியை அது கிண்ணத்தில் குடிக்க வேண்டும், பல பூனைகள் குடிக்காது. எண்பது கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்றைச் சேர்த்தால் அறுபத்தைந்து மில்லிக்கு மேல் தானாக உள்ளே போய்விடும். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகும், படிகங்கள் சேரும், ஆண் பூனைக்குக் குழாய் குறுகல் என்பதால் அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்கு அகலமான மண் சட்டி நல்லது, வெயில் காலத்தில் குளிர்ச்சியாகவே இருக்கும், ஆனால் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும், வழுவழுப்புப் பிடித்தால் பூனை தொடாது.

அளவு விஷயத்தில் குட்டியைப் பார்த்து எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லாத அந்த மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 200 கலோரி, வீட்டோடு இருக்கும் நாலு கிலோ வளர்ந்த பூனைக்கும் கிட்டத்தட்ட அதேதான். குட்டி வளர்கிறது, அதனால். எனவே குட்டிகளுக்கான உலர் தீனி முப்பத்தைந்து கிராம், குட்டிகளுக்கான ஈரப் பாக்கெட் ஒன்று, இதை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறாள். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அது ஒரு சின்ன டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டாள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் கலோரி மாறும், அதனால் வாரம் ஒருமுறை எடை பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கருத்தடை செய்த பிறகு பசி ஏறும், தேவை குறையும், அப்போதுதான் வீட்டுப் பூனைகள் உருண்டையாகின்றன.

பத்துக் கிலோப் பை மலிவு என்று கடைக்காரர் சொன்னதை நாங்கள் எடுக்கவில்லை. ஒரு பூனைக்கு அது தீர மாதக்கணக்கில் ஆகும், திறந்த பையில் கொழுப்பு சிக்கடித்துப் போகும், பூனை மோந்து பார்த்துவிட்டு நகரும். ஒரு மாதத்துக்குள் தீரும் பை, அதே பையோடு இறுக்கமான டப்பாவுக்குள். வேறு பிராண்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் ஏழு முதல் பத்து நாள் எடுத்து, பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலக்க வேண்டும். பிடிவாதமாகத் தின்னாமல் இருந்தால் பசித்தால் தின்னும் என்று விட்டுவிடாதீர்கள், பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனை, கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

கட்டியாகும் லிட்டர்தான் வேண்டும் என்று மேலே சொன்னதற்குக் காரணத்தை இப்போது சொல்கிறேன். மேல் மாடிக் குட்டி ஒரு வருஷத்தை நெருங்கும்போது, தினமும் அள்ளும் கட்டி ஏறக்குறைய மூன்று, எலுமிச்சம்பழ அளவு. அது அவளுக்குக் கை பழக்கமாகவே தெரியும். ஒருநாள் காலையில் பெரிய கட்டி ஒன்றுகூட இல்லை, கொண்டைக்கடலை அளவில் ஐந்தாறு சின்னச் சின்ன உருண்டை மட்டும். பூனை பெட்டிக்குள் போய்க் குந்துகிறது, வருகிறது, மறுபடி போகிறது, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. "மலச்சிக்கல் போலக்கா" என்றாள். இல்லை, இது மூத்திர அடைப்பின் ஆரம்பம், ஆண் பூனைக்கு முழுதாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம், முழுதாக அடைக்கும் முன்பே பிடித்துவிட்டதால் குழாய் போடாமல் மருந்திலேயே சரியானது. ஈர உணவு அன்றிலிருந்து இரண்டு பாக்கெட்டானது, உலர் தீனி அதற்கேற்பக் குறைந்தது. மணலோ சிலிக்காவோ போட்டிருந்தால் அந்தக் காலையில் எதுவும் தெரிந்திருக்காது. கட்டி வழக்கத்தைவிடப் பெரிதாகி எண்ணிக்கையும் கூடினால் அதுவும் சேதிதான், சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சீர்படுத்தும் சாமான். லிஸ்டில் அதிகம் அடித்தது இங்கேதான். குட்டை முடி நாட்டுப் பூனைக்குக் குளியல் தேவையே இல்லை, அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. ஷாம்பு, பவுடர், டியோடரண்ட் எல்லாம் முடியில் நின்று நாக்கில் போய்ச் சேரும். பவுடர் மூச்சிலும் போகும். வாங்கியது இரண்டே சாமான்: நெருக்கமான பல் உள்ள உலோகச் சீப்பு, நகவெட்டி. உதிரும் முடிக்கு ரப்பர் பிரஷ் ஒன்று பிறகு சேர்ந்தது. நீள முடிப் பெர்ஷியன் என்றால் கதை வேறு, அதற்குத் தினமும் அகலப்பல் சீப்பு, பிறகு நெருக்கப்பல் சீப்பு என்று அடி முடிவரை வார வேண்டும், அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்குக் கட்டினால் கத்தரியால் வெட்டக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். வேலைக்குப் போகிற வீட்டில் முதல் பூனையாக நாட்டுப் பூனையைத்தான் நான் சொல்வேன்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்துதான் இந்தப் பதிவிலேயே நான் கையைப் பிடித்துச் சொல்ல விரும்புவது. கவுண்டரில் "நாய்க்கும் பூனைக்கும் ஒண்ணுதான்க்கா, அளவு கம்மியா போடுங்க" என்று சொல்லி நாய் மருந்தை நீட்டுவது நடக்கிறது. ஒன்றில்லை. நாய்களுக்கான ஸ்பிரே, பவுடர், கழுத்தில் விடும் சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், நாயின் கல்லீரல் அதை உடைத்துவிடும், பூனையின் கல்லீரலால் முடியாது. சில மணி நேரத்தில் காது, முகம் துடிக்கும், எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கி வலிப்பு வரும், பல பூனைகள் அதோடு செத்துப்போகின்றன. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று மெத்ரினில் முடியும் பெயர்களும், நாய் உண்ணிக்குக் கலக்கிக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் அதே பட்டியலில் சேரும். பூனைக்கு என்றே அச்சடித்த, எடையும் வயதும் குறிப்பிட்ட, ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்தை மருத்துவரைக் கேட்டு வாங்கி, நாக்கு எட்டாத இடத்தில், பிடரியில் முடியை விலக்கித் தோலில் விட வேண்டும்.

மருந்து தேவையா என்று முதலில் பார்க்கவும் அந்த நெருக்கமான சீப்பே போதும். ஒரு வெள்ளைத் தாளை ஈரமாக்கித் தரையில் விரித்து, பூனையின் வால் அடிமுதுகில் சீப்பால் வாரி, சீப்பில் வந்த கறுப்புப் பொடியை அதன்மேல் தட்டுங்கள். ஒரு நிமிஷம் காத்திருந்தால், வெறும் மண்ணாக இருந்தால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சமாக இருந்தால் பொடியைச் சுற்றித் துருப்பிடித்த சிவப்பு ஊறும், அது செரித்த ரத்தம். பூச்சியே கண்ணில் படாவிட்டாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

நகத்துக்கு, பாதத்தை இலேசாக அழுத்தினால் நகம் வெளியே வரும், உள்ளே இளஞ்சிவப்பாக ரத்தக் குழாய் தெரியும், அதைத் தொடாமல் கூர்முனையை மட்டும் வெட்ட வேண்டும். குட்டியாக இருக்கும்போதே, தூங்கி எழுந்த மயக்கத்தில், ஒரு தடவைக்கு இரண்டு நகம் என்று பழக்கினால் பிறகு சண்டை இருக்காது.

லிஸ்டில் இல்லாத ஆனால் எல்லா வீட்டிலும் இருக்கும் ஒன்று பினாயில். பினாயில், ஃபீனால் கலந்த கிருமிநாசினி, டெட்டால் மாதிரி தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகப் பொங்குகிற திரவம் எல்லாம் பூனைக்கு விஷம், காரணம் பெர்மெத்ரினுக்குச் சொன்ன அதே கல்லீரல் குறைபாடு. துடைத்த ஈரத்தில் நடந்து, பாதத்தை நக்கி, அப்படியே உள்ளே போகும். பாராசிட்டமாலும் அதே வழியில்தான் கொல்லும், காய்ச்சல் என்று குழந்தை மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். மேல் மாடி வீட்டில் தரையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைக்கிறார்கள். லிட்டர் தட்டைக் கழுவவும் வாசனையில்லாத பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போதும், பிளீச்சை மூத்திரம் படிந்த தட்டில் நேராக ஊற்றக் கூடாது, அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் புகை வரும். தட்டில் நகக் கீறல் விழுந்து, எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாத நிலை வந்தால், கழுவுவதை விட்டுவிட்டுப் புதுத் தட்டு வாங்கிவிடுங்கள், கீறலுக்குள் ஊறியது வெளியே வராது.